தியாக விகிதமும் ஆதாய விகிதமும்: பங்கு மாறினால் யார் யாருக்குத் தர வேண்டும்?

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே கடைதான் வரும். அண்ணன், தம்பி, மைத்துனர் மூவரும் சேர்ந்து நடத்தும் ஒரு பெயின்ட் கடை என்று வைத்துக்கொள்வோம். இலாபத்தை 5:3:2 என்று பிரித்துவந்தார்கள். அண்ணனுக்கு முழங்கால் வலி வந்து, அரை நாள் மட்டுமே கடையில் உட்கார முடிகிறது. ஏப்ரல் 1 முதல் மூவருக்கும் சமபங்கு என்று பேசி முடித்துவிட்டார்கள். புதிதாக யாரும் சேரவில்லை, யாரும் விலகவும் இல்லை.

கடையில் அதே மூன்று பேர்தான் இருக்கிறோம். பங்கை மாற்றிக்கொண்டதற்கு ஒருவர் இன்னொருவருக்கு ஏன் ஈடு தர வேண்டும்?

அண்ணனுக்கு நூறு ரூபாய் இலாபத்தில் 50 ரூபாய் வந்துகொண்டிருந்தது. இனி 33 ரூபாய் சொச்சம்தான் வரும். அந்த வித்தியாசம் எங்கும் கரைந்துபோகவில்லை. தம்பிக்கும் மைத்துனருக்கும் போகிறது. இனி வரப்போகும் இலாபம் அவர்கள் அன்று முதல் போடும் உழைப்பில் மட்டும் வருவதன்று. 'இந்தக் கடையில் கலர் மாறாது' என்று நம்பி வரும் பெயின்டர்களும், கடனுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியும் பழைய ஆண்டுகளில் சேர்ந்தவர்கள். அவர்களைச் சேர்த்ததில் அண்ணனின் பங்கு பாதி. கணக்கில் நற்பெயர் எனப்படும் அந்தப் பலனில் ஒரு பகுதியை அவர் விட்டுக்கொடுக்கிறார் என்பதால்தான் பெறுகிறவர்கள் ஈடு தருகிறார்கள்.

இழந்த பங்குகள் ஒன்றுக்கொன்று என்ன அளவில் இருக்கின்றன என்பது தியாக விகிதம். கூடிய பங்குகள் ஒன்றுக்கொன்று என்ன அளவில் இருக்கின்றன என்பது ஆதாய விகிதம்.

சூத்திரம் இரண்டு இருக்கிறது. எதை எப்போது போடுவது என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்.

இரண்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எல்லோருக்கும் பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழியுங்கள். விடை கூட்டல் குறியோடு வந்தால் அவர் தியாகம் செய்தவர், கழித்தல் குறியோடு வந்தால் ஆதாயம் அடைந்தவர். சுழி வந்தால் அவருக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை.

நம் கடையில் பழைய பங்குகளின் பகுதி 10, புதிய பங்குகளின் பகுதி 3. பொதுப் பகுதி 30.

அண்ணன்: 15/30 − 10/30 = 5/30 (தியாகம்)
தம்பி: 9/30 − 10/30 = −1/30 (ஆதாயம்)
மைத்துனர்: 6/30 − 10/30 = −4/30 (ஆதாயம்)

தியாகம் செய்தவர் ஒருவர் மட்டுமே என்பதால் இங்கே தியாக விகிதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆதாய விகிதம் 1:4. தியாகத்தின் மொத்தம் 5/30, ஆதாயத்தின் மொத்தமும் 5/30. இந்த இரண்டு மொத்தங்களும் சமமாக வராவிட்டால் மேலே போகாதீர்கள். பின்னத்தில் எங்கோ பிழை இருக்கிறது. அநேகமாகப் பொதுப் பகுதி எடுக்காமல் 5-லிருந்து 1-ஐக் கழித்திருப்பீர்கள். 5:3:2 என்பதில் உள்ள 5-உம், 1:1:1 என்பதில் உள்ள 1-உம் ஒரே அளவுகோலில் அளந்தவை அல்ல.

தம்பியின் பங்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அவரை விட்டுவிட்டு மைத்துனர் மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாது. 30 சதவீதம் 33.33 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. காதால் கேட்கும்போது சின்ன வித்தியாசம்தான். நற்பெயரின் மதிப்பு 6 இலட்சம் என்றால் அந்தச் சின்ன வித்தியாசத்தின் விலை 20,000 ரூபாய். பங்கு மாற்றப் பேச்சில் இரண்டு ஓரத்தில் இருப்பவர்களையே எல்லோரும் பார்ப்பார்கள். நடுவில் இருப்பவர் கணக்கில் இருந்து நழுவிவிடுவார். சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும். தனக்கு ஒன்றும் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர், கழித்துப் பார்த்தால், தியாகம் செய்தவர் பக்கம் நிற்பார்.

நற்பெயர் 6 இலட்சம் என்று எப்படி வந்தது? அதைக் கணக்கில் எப்படி எழுதுவது?

கடைசி மூன்று ஆண்டு இலாபம் 2,70,000, 3,00,000, 3,30,000 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3,00,000. 'சராசரி இலாபத்தில் இரண்டு ஆண்டுக் கொள்முதல்' என்று மூவரும் ஒப்புக்கொண்டால் 6,00,000. அந்த 'இரண்டு' வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை, அறிவியலும் இல்லை. பேசி முடிவு செய்வது. பக்கத்திலேயே பெரிய கடை ஒன்று திறக்கப்போகிறது என்றால் ஒன்று போதும் என்பார்கள்.

இனி ஒவ்வொருவருக்கும் அவரவர் பின்னத்தால் பெருக்குங்கள்.

அண்ணன்: 6,00,000 × 5/30 = 1,00,000 பெற வேண்டும்
தம்பி: 6,00,000 × 1/30 = 20,000 தர வேண்டும்
மைத்துனர்: 6,00,000 × 4/30 = 80,000 தர வேண்டும்

குறிப்பேட்டுப் பதிவு இப்படி இருக்கும், இதில் 'முதல்' என்பது கடையில் அவரவர் மூலதனம்:

தம்பியின் முதல் கணக்கு, பற்று 20,000
மைத்துனரின் முதல் கணக்கு, பற்று 80,000
அண்ணனின் முதல் கணக்கு, வரவு 1,00,000

ஆதாயம் அடைந்தவருக்குப் பற்று, தியாகம் செய்தவருக்கு வரவு. ரொக்கம் கை மாற வேண்டிய அவசியம் இல்லை. அண்ணனின் முதல் கூடுகிறது, மற்ற இருவரின் முதல் குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் முதல் மீது வட்டி தருவதாக ஒப்பாவணத்தில் இருந்தால், இந்தப் பதிவு ஒவ்வோர் ஆண்டும் அண்ணனுக்குக் கூடுதல் வட்டியைக் கொண்டுவரும். அதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. தம்பியும் மைத்துனரும் தங்கள் சொந்தப் பணத்தை அண்ணன் கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டால் கடையின் ஏட்டில் பதிவே வராது.

இவ்வளவு சுற்றுவதற்குப் பதிலாக 6 இலட்சம் நற்பெயரைச் சொத்தாக ஏட்டில் ஏற்றிவிட்டால் என்ன?

பழைய ஏடுகளில் அப்படி எழுதியிருப்பதைப் பார்க்கலாம். விலை கொடுத்து வாங்காத, தானே வளர்த்துக்கொண்ட நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்று இந்தியாவின் கணக்கியல் தரநிலை 26 சொல்கிறது. ஆகவே முதல் கணக்குகளுக்கு இடையே சரிசெய்வதுதான் இப்போதைய வழி.

சரிசெய்வதும் அந்தப் பழைய முறையின் சுருக்கம்தான் என்பதைச் சோதித்துப் பாருங்கள். 6 இலட்சத்தைப் பழைய விகிதத்தில் வரவு வைத்தால் அண்ணன் 3,00,000, தம்பி 1,80,000, மைத்துனர் 1,20,000 பெறுவார்கள். உடனே அதைப் புதிய விகிதத்தில் போக்கெழுதினால் ஒவ்வொருவருக்கும் 2,00,000 பற்று. நிகரமாக அண்ணனுக்கு 1,00,000 வரவு, தம்பிக்கு 20,000 பற்று, மைத்துனருக்கு 80,000 பற்று. மேலே வந்த அதே எண்கள். விடையில் சந்தேகம் வந்தால் நான் செய்யும் சரிபார்ப்பு இதுதான்.

ஏட்டில் ஏற்கெனவே ஒரு நற்பெயர்க் கணக்கு கிடந்தால், முதலில் அதைப் பழைய விகிதத்தில் எல்லோர் பெயரிலும் பற்று வைத்துப் போக்கெழுதிவிட்டுப் பிறகு இந்தக் கணக்குக்கு வாருங்கள்.

பிரிக்காமல் சேர்த்துவைத்த இலாபம் பொதுக்காப்பில் 1,20,000 இருக்கிறது. அதை இப்போது பிரிக்க எங்களுக்கு விருப்பமில்லை. தொடாமல் விட்டுவிடலாமா?

விட்டுவைக்கலாம். ஆனால் சும்மா விட்டுவைக்கக் கூடாது. அந்தப் பணம் 5:3:2 என்று பிரித்த காலத்தில் சேர்ந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பிரித்தால் அது சமபங்காகத்தான் போகும். அண்ணனுக்கு 60,000 வர வேண்டிய இடத்தில் 40,000 வரும்.

கடையிடத்தின் மதிப்பும் அப்படித்தான். ஏட்டில் உள்ளதைவிட இன்று 1,80,000 அதிகம் பெறும், ஆனால் ஏட்டை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காப்பும் மதிப்பு உயர்வும் சேர்ந்து 3,00,000. இதையும் அதே பின்னங்களால் பெருக்க வேண்டும்: தம்பிக்குப் பற்று 10,000, மைத்துனருக்குப் பற்று 40,000, அண்ணனுக்கு வரவு 50,000. காப்பு ஏட்டில் பழைய எண்ணிலேயே இருக்கும், கடையிடமும் பழைய மதிப்பிலேயே இருக்கும்.

பிரித்துக் கொடுத்துவிட முடிவு செய்தால் தியாக விகிதம், ஆதாய விகிதம் எதுவும் இங்கே வராது. காப்பையும் மறுமதிப்பீட்டு இலாபத்தையும் நேராகப் பழைய விகிதத்தில் முதல் கணக்குகளுக்கு மாற்றிவிட வேண்டியதுதான். இந்த இரண்டு வழிகளையும் கலந்துவிடுவது தேர்வுத் தாளிலும் கடை ஏட்டிலும் ஒருங்கே காணக் கிடைக்கும் தவறு: காப்பைப் பழைய விகிதத்தில் பிரித்தும் கொடுத்துவிட்டு, அதே தொகைக்கு ஆதாய விகிதத்தில் மறுபடி ஒரு பதிவும் போட்டிருப்பார்கள். அண்ணனுக்கு ஒரே பணம் இரண்டு முறை போகும்.

காப்புக்குப் பதில் பழைய நட்டம் இருந்தால்?

பதிவு தலைகீழாகும். ஏட்டில் 60,000 நட்டம் கிடக்கிறது, அதை அப்படியே விட்டுவைக்கிறீர்கள் என்றால், பழைய விகிதப்படி அண்ணன் 30,000 சுமக்க வேண்டியவர். இனி அவர் சுமப்பது 20,000. தப்பித்த 10,000 அவருக்குப் பற்று. தம்பிக்கு 2,000, மைத்துனருக்கு 8,000 வரவு. தியாகம் செய்தவருக்கு எப்போதும் வரவுதான் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் சறுக்குவார்கள். பங்கில் தியாகம் செய்தவர்தான் நட்டத்தில் ஆதாயம் அடைகிறார்.

காப்பும் நட்டமும் மதிப்பு மாற்றங்களும் ஒன்றாக இருந்தால் முதலில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரே நிகரத் தொகைக்குக் கொண்டுவாருங்கள். அது இலாபமா நட்டமா என்று பார்த்த பிறகு ஒரே ஒரு பதிவு போதும்.

'தன் பங்கில் கால் பகுதி', 'தன் பங்கிலிருந்து 1/4' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, இந்த வேற்றுமை உருபில் பணம் இருக்கிறது. ஒருவரின் பங்கு 3/5. 'தன் பங்கில் 1/4-ஐ விட்டுக்கொடுத்தார்' என்றால் 3/5-இல் கால் பகுதி, அதாவது 3/20. 'தன் பங்கிலிருந்து 1/4-ஐ விட்டுக்கொடுத்தார்' என்றால் மொத்த இலாபத்தில் 1/4, அதாவது 5/20. முதலாவதில் அவரிடம் மிஞ்சுவது 9/20, இரண்டாவதில் 7/20.

தேர்வில் இந்தச் சொல்வழக்கைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஒப்பாவணம் எழுதும்போது மட்டும் தயவுசெய்து இதை நம்பாதீர்கள். எழுதுகிறவர் ஒன்று நினைப்பார், கையெழுத்துப் போடுகிறவர் வேறொன்று நினைப்பார். மாற்றத்துக்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பதைப் பின்னமாகவே எழுதிவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

புதிய கூட்டாளி வந்தால் பழையவர்களின் தியாக விகிதம் எப்போதும் பழைய விகிதம்தானே?

அவருடைய பங்கை மட்டும் சொல்லி, அதை யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சொல்லாமல் விட்டால் மட்டுமே அப்படி. 3:2 என்று இருந்த இருவர், புதியவருக்கு 1/5 தருகிறார்கள். வேறு பேச்சு இல்லை. மீதி 4/5-ஐ 3:2-இல் பிரித்தால் 12/25, 8/25. பழைய பங்குகள் 15/25, 10/25. தியாகம் 3/25, 2/25. விகிதம் 3:2-தான்.

ஆனால் புதிய விகிதம் 2:2:1 என்று பேசியிருந்தால்? முதலாமவர் 3/5-லிருந்து 2/5-க்கு வந்துவிட்டார். இரண்டாமவர் 2/5-இலேயே இருக்கிறார். புதியவர் நற்பெயருக்காகக் கொண்டுவரும் பணம் முழுவதும் முதலாமவருக்கு. இரண்டாமவர் 3:2 என்று பழைய பழக்கத்தில் கை நீட்டினால் கொடுக்கக் கூடாது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 3:1 என்று இருந்தவர்கள் புதியவரைச் சேர்த்து 2:2:1 என்று மாற்றுகிறார்கள். முதலாமவர் 15/20-லிருந்து 8/20-க்கு இறங்குகிறார், தியாகம் 7/20. இரண்டாமவர் 5/20-லிருந்து 8/20-க்கு ஏறுகிறார், ஆதாயம் 3/20. புதியவருக்கு 4/20. ஆக, பழைய கூட்டாளி ஒருவரும் புதியவரோடு சேர்ந்து நின்று முதலாமவருக்கு ஈடு தர வேண்டும். கூட்டாளி சேர்ப்பு என்றால் தியாக விகிதம், விலகல் என்றால் ஆதாய விகிதம் என்று தலைப்பை வைத்து முடிவு செய்பவர்கள் இங்கே இரண்டாமவரின் 3/20-ஐக் காணாமல் விட்டுவிடுவார்கள்.

ஒருவர் விலகும்போது?

விலகுகிறவரின் முழுப் பங்கும் மற்றவர்களுக்குப் போகிறது, அதனால் மீதி இருப்பவர்களின் ஆதாயம் கூட்டல் குறியோடு வரும்படி இங்கே புதிய பங்கிலிருந்து பழைய பங்கைக் கழிக்கிறோம். 3:2:1 என்று இருந்த மூவரில் நடுவில் இருப்பவர் விலகுகிறார், நற்பெயர் 1,80,000 என்றால், அவருக்குச் சேர வேண்டியது 2/6, அதாவது 60,000. புதிய விகிதம் பேசப்படவில்லை என்றால் மீதி இருவரின் ஆதாயம் 3:1. ஒருவர் 45,000, மற்றவர் 15,000 தருவார்கள். இனிச் சமபங்கு என்று பேசினால் முதலாமவர் 3/6-லிருந்து 1/2-க்கு வருகிறார், அதாவது இருந்த இடத்திலேயே இருக்கிறார். 60,000 முழுவதும் மூன்றாமவர் தலையில். கூட்டாளி இறந்து அவர் வாரிசுக்குக் கொடுக்கும்போதும் இதே கணக்குதான்.

பங்கை வாய்ப்பேச்சாகவே மாற்றிக்கொண்டோம். ஒப்பாவணத்தில் இன்னும் 5:3:2 என்றுதான் இருக்கிறது. செல்லுமா?

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன் 11ஆம் பிரிவு, கூட்டாளிகளின் ஒப்பந்தத்தை எல்லோரின் சம்மதத்தோடும் மாற்றலாம் என்கிறது. அந்தச் சம்மதம் வெளிப்படையாக இருக்கலாம், தொடர்ந்து நடந்துகொண்ட விதத்திலிருந்தும் தெரியலாம். மூன்று ஆண்டுகள் சமமாகப் பிரித்து எல்லோரும் கணக்கில் கையெழுத்திட்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. 13ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் இலாபமும் நட்டமும் சமம்.

வாய்ப்பேச்சில் விகிதம் நிற்கலாம். ஈடுதான் நிற்காது. நான் கணக்கு எழுதிக் கொடுத்த ஒரு கடையில் மூத்தவர், "தம்பிதானே, எனக்கு ஈடு எதற்கு" என்று சொல்லிப் பங்கைக் குறைத்துக்கொண்டார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆறு ஆண்டு கழித்து அவர் மகன் வந்து அந்த நற்பெயர்ப் பணம் எங்கே என்று கேட்டபோது காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை. விட்டுக்கொடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஈடு வேண்டாம் என்றால் பதிவும் வேண்டாம். ஆனால் வேண்டாம் என்பதை ஒரு வரியாக ஒப்பாவணத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

ஆண்டின் நடுவில், அக்டோபர் 1 முதல் பங்கை மாற்றினால் அந்த ஆண்டு இலாபத்தை எப்படிப் பிரிப்பது?

அதுவரை வந்தது பழைய விகிதம், பிறகு வந்தது புதிய விகிதம். செப்டம்பர் 30 அன்று சரக்கை எண்ணி ஏட்டை முடித்துவிட்டால் சிக்கலே இல்லை. முடிக்கவில்லை என்றால் காலப்படி பாதிப் பாதி என்று பிரிப்பார்கள். பெயின்ட் கடைக்கு அது பொருந்தாது. தீபாவளி, பொங்கல் வெள்ளையடிப்பு எல்லாம் பின்பாதியில் வரும்.

ஆண்டு இலாபம் 3,60,000 என்போம். காலப்படி பிரித்தால் முன்பாதிக்கு 1,80,000. அண்ணனுக்கு அதில் 90,000, பின்பாதியில் 60,000, ஆக 1,50,000. விற்பனை 1:2 என்று இருந்து அதன்படி பிரித்தால் முன்பாதிக்கு 1,20,000. அண்ணனுக்கு அதில் 60,000, பின்பாதியின் 2,40,000-இல் 80,000, ஆக 1,40,000. தேர்ந்தெடுத்த முறை ஒன்றே பத்தாயிரம் ரூபாயை இடம் மாற்றுகிறது. இன்னும் சரியாக வேண்டும் என்றால் மொத்த இலாபத்தை விற்பனைப்படியும், வாடகை, சம்பளம் போல மாதாமாதம் ஒரே அளவில் போகும் செலவுகளைக் காலப்படியும் பிரியுங்கள்.